ஏற்றிய வளையத்தின் அச்சில் அலையும் மணி: அலைவுக் காலம் காணும் முழுமையான வழிகாட்டி

எங்கள் ரியூசன் கொட்டிலின் வளையில் ஒரு பழைய சைக்கிள் றிம் தொங்குகிறது. கம்பிகளெல்லாம் கழற்றிய வெறும் றிம். உயர்தரப் பௌதிகவியலில் நிலைமின்னியல் தொடங்கும் கிழமையில் அதை இறக்கி மேசையில் நிறுத்துவேன். நடுவில் விரலை நீட்டி, "இந்த இடத்தில ஒரு மறை ஏற்றத்தை வச்சு, கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்பேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் றிம்மை அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்பதால் பாதி வரைபடம் அங்கேயே முடிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இறுதி விடையைச் சரியாக எழுதிவிடுவார்கள். இடையில் ஏன் அப்படி வந்தது என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஆகவே இங்கே இந்த ஒரு கணக்கை மட்டும் எடுத்து, ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறோம், எங்கே வழுக்கும், விடை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம். பாதிக்குப் பிறகு வரும் விடயம் வினாத்தாளில் அரிதாகவே கேட்கப்படும். ஆனால் இந்தக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கணக்கு

R ஆரையுள்ள மெல்லிய வளையம் ஒன்றில் +Q ஏற்றம் சீராகப் பரவியிருக்கிறது. வளையத்தின் தளம் நிலைக்குத்து, அச்சு கிடை. அச்சின் வழியே ஒப்பமான, மின்கடத்தாத மெல்லிய கோல் ஒன்று செல்கிறது. m திணிவும் −q ஏற்றமும் உள்ள சிறு மணி அந்தக் கோலில் கோக்கப்பட்டிருக்கிறது. மணியை மையத்திலிருந்து சிறு தூரம் இழுத்து, ஓய்விலிருந்து விடுகிறோம். அலைவுக் காலம் என்ன?

எண்களையும் இப்போதே வைத்துக்கொள்வோம். R = 10 cm, Q = 50 nC, q = 2 nC, m = 0.1 g. இழுத்து விடும் தூரம் 1 cm. k என்பது வழமைபோல 1/(4πε₀), அதாவது 9 × 10⁹ N m² C⁻².

"ஒப்பமான" என்ற சொல்லையும் கோல் இருப்பதையும் நினைவில் வைத்திருங்கள். இரண்டும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல.

முதற்படி: அச்சில் மின்புலம்

மையத்திலிருந்து x தூரத்தில் அச்சின் மேல் P என்ற புள்ளியை எடுங்கள். வளையத்தின் எந்தச் சிறு துண்டிலிருந்தும் P-க்கு உள்ள தூரம் ஒன்றே: √(R² + x²). இந்த ஒரு வசதியால்தான் கணக்கு இவ்வளவு இலகுவாகிறது. தொகையிடல் என்ற பெயரில் பயப்பட ஒன்றுமில்லை.

dQ ஏற்றமுள்ள துண்டு ஒன்று P-யில் உண்டாக்கும் புலத்தின் பருமன் k dQ/(R² + x²). அதன் திசை துண்டிலிருந்து P-யை நோக்கிய சாய்கோடு. அந்தப் புலத்தை அச்சு வழியான கூறாகவும் அச்சுக்குச் செங்குத்தான கூறாகவும் பிரியுங்கள். றிம்மில் ஒரு துண்டைத் தொட்டால், அதற்கு நேரெதிரே மறுபக்கத்தில் இன்னொரு துண்டு இருக்கும். இரண்டினதும் செங்குத்துக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அச்சு வழிக் கூறுகள் ஒன்றோடொன்று சேரும். அச்சுடன் ஆக்கும் கோணம் θ என்றால் cos θ = x/√(R² + x²). எல்லாத் துண்டுகளுக்கும் தூரமும் கோணமும் ஒன்றே என்பதால் கூட்டும்போது மாறுவது dQ மட்டும். அதன் கூட்டுத்தொகை Q.

```
E = kQx / (R² + x²)^(3/2)
```

cos θ-வை மறந்துவிட்டு kQ/(R² + x²) என்று எழுதுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. அதை இலகுவாகப் பிடிக்கலாம்: மையத்தில் x = 0 என்று போடுங்கள். சமச்சீரின்படி அங்கே புலம் பூச்சியமாக வேண்டும். பிழையான கோவை kQ/R² தரும். வளையத்தின் நடுவில் நிற்கும் ஏற்றத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று வளையத்துக்கே தெரியாதே!

மறுமுனையையும் பார்த்துவிடுங்கள். x மிகப் பெரிதானால் E → kQ/x², அதாவது தூரத்திலிருந்து பார்க்க வளையம் ஒரு புள்ளி ஏற்றம். மையத்தில் பூச்சியம், தொலைவிலும் பூச்சியம் என்றால் இடையில் எங்கோ உச்சம் இருக்க வேண்டும். வகையிட்டால் அது x = R/√2-இல் வரும். எங்கள் வளையத்துக்கு ஏறத்தாழ 7 cm. அங்கே புலம் 17 300 V m⁻¹ அளவு. காற்று உடையும் 3 × 10⁶ V m⁻¹-க்கு இது மிகக் கீழே.

இரண்டாம் படி: விசையும் குறியும்

மணியின் ஏற்றம் −q. ஆகவே அதன் மீதான விசை

```
F = −kQq x / (R² + x²)^(3/2)
```

மறைக் குறி சொல்வது: x நேராக இருந்தால் விசை மறைப் பக்கம், x மறையாக இருந்தால் விசை நேர்ப் பக்கம். எப்பக்கம் இழுத்தாலும் மையத்தை நோக்கியே மீட்கும். இரண்டும் ஒரே வகை ஏற்றமாக இருந்தால் இந்தக் குறி மாறி, மணி மையத்திலிருந்து விலகி ஓடும். அலைவு என்ற பேச்சே இருக்காது. வினாவில் "எதிர் வகை ஏற்றம்" என்பதை வாசிக்காமல் T-யைக் கண்டுபிடித்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

இது இன்னும் எளிமை இசை இயக்கம் அல்ல. மீட்கும் விசை இருந்தால் மட்டும் போதாது. அது x-க்கு நேர்விகித சமமாக இருக்க வேண்டும். கீழே உள்ள (R² + x²)^(3/2) அதைக் கெடுக்கிறது.

மூன்றாம் படி: "சிறிய" என்பதை எங்கே பயன்படுத்துவது

ஒருமுறை ஒரு பையன் கேட்டான்: "சேர், x சின்னது எண்டால் பூச்சியமாய் எடுக்கலாம்தானே? அப்ப விசையும் பூச்சியம். பிறகு எப்பிடி அலையும்?"

நல்ல கேள்வி. x-ஐப் பூச்சியமாக எடுப்பதில்லை. ஒரு பெரிய கணியத்தோடு கூட்டப்பட்டு நிற்கும் இடத்தில் மட்டும் அதைப் புறக்கணிக்கிறோம். எங்கள் எண்களில் R² = 100 cm², x² = 1 cm². நூறோடு ஒன்றைக் கூட்டினாலும் விட்டாலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் தொகுதியில் x தனியே பெருக்கப்பட்டு நிற்கிறது. அதை ஒப்பிட்டுப் புறக்கணிக்க அங்கே வேறொன்றும் இல்லை. ஆயிரம் ரூபாவோடு ஒரு ரூபாவைக் கூட்டும்போது அந்த ஒரு ரூபாவை விடலாம். கையில் இருப்பதே ஒரு ரூபா என்றால் விட முடியாது.

முறையாக எழுதினால், R²-ஐ வெளியே எடுத்து ஈருறுப்பு விரிவைப் பயன்படுத்துகிறோம்:

```
(R² + x²)^(−3/2) = R^(−3) (1 + x²/R²)^(−3/2)
                 ≈ R^(−3) (1 − 3x²/2R²)
```

முதல் உறுப்பை மட்டும் வைத்தால்

```
F ≈ −(kQq/R³) x
```

விட்ட உறுப்பு 3x²/2R². x = 1 cm-இல் அதன் பெறுமானம் 0.015, அதாவது விசையில் நாங்கள் செய்யும் வழு வீச்சத்தின் எல்லையில்கூட ஒன்றரை வீதம்தான். மையத்துக்கு அருகில் அது இன்னும் குறைவு. அந்த உறுப்பைத் தூக்கி எறியாமல் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிறகு தேவைப்படும்.

நான்காம் படி: அலைவுக் காலம்

நியூற்றனின் இரண்டாம் விதியின்படி m × ஆர்முடுகல் = −(kQq/R³) x. ஆர்முடுகல் = −ω²x என்பதோடு ஒப்பிட:

```
ω² = kQq / (mR³)
T  = 2π √( mR³ / kQq ) = 2π √( 4πε₀ mR³ / Qq )
```

kQq/R³ என்பது வில்லொன்றின் மாறிலியைப் போன்றது. அலகைப் பாருங்கள்: kQq-இன் அலகு N m², அதை m³-ஆல் வகுத்தால் N m⁻¹. R² என்று எழுதியிருந்தால் வெறும் N வந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

எண்களைப் பிரதியிடுவோம். kQq = 9 × 10⁹ × 50 × 10⁻⁹ × 2 × 10⁻⁹ = 9 × 10⁻⁷ N m². R³ = 10⁻³ m³. ஆகவே மாறிலி 9 × 10⁻⁴ N m⁻¹. திணிவு 10⁻⁴ kg. ω² = 9 s⁻², ω = 3 s⁻¹, T = 2π/3 = 2.09 s. மையத்தைக் கடக்கும் கதி Aω = 3 cm s⁻¹. ஒரு எறும்பின் நடையை விடக் கொஞ்சம் வேகம் என்று சொல்லலாம்.

R-இன் அடுக்கு 3/2 என்பதைக் கவனியுங்கள். அதே ஏற்றங்களோடு வளையத்தின் ஆரையை இரட்டித்தால் T ஏறக்குறைய 2.8 மடங்காகும். ஏற்றத்தை இரட்டித்தாலோ 1.4 மடங்கு குறையும், அவ்வளவுதான். காலத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய பிடி ஆரையிடம்தான் இருக்கிறது.

எவ்வளவு சிறியது சிறியது?

இப்போது ஓரத்தில் எழுதி வைத்த உறுப்பை எடுங்கள். உண்மையான விசை நேர்கோட்டு விசையை விடக் கொஞ்சம் பலவீனமானது. மீட்கும் விசை பலவீனமானால் மணி திரும்பி வர அதிக நேரம் எடுக்கும். ஆகவே உண்மையான T எப்போதும் எங்கள் சூத்திரத்தை விடக் கூடும், ஒருபோதும் குறையாது. இதைக் கணக்கில்லாமலே சொல்ல முடிய வேண்டும்.

கணித்துப் பார்த்தால், A வீச்சத்துக்கு முதல் திருத்தம் இப்படி வரும்:

```
T ≈ T₀ [ 1 + (9/16)(A/R)² ]
```

A = 1 cm என்றால் A/R = 0.1, திருத்தம் அரை வீதத்துக்குச் சற்று மேல். 2.09 s என்பது 2.11 s ஆகும். கைக்கடிகாரத்தால் பிடிக்க முடியாத வேறுபாடு. A = 5 cm என்றால் சக்திக் காப்பைக் கொண்டு முழுமையாகக் கணிக்க T₀-வின் 1.136 மடங்கு வருகிறது: 2.38 s. A = R ஆனால் 1.50 மடங்கு, 3.15 s. அங்கே சூத்திரத்தை நம்பினால் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை விட்டுவிடுவீர்கள்.

எனது கைக்கணக்கு இது: A, R-இன் பத்தில் ஒன்றுக்குள் இருந்தால் கவலையில்லை; காற்பங்குக்குப் போனால் வழு மூன்றரை வீதம்; அதற்கு மேல் "சிறு அலைவு" என்று சொல்லக்கூடாது. ஊசலில் நூலின் நீளத்தோடு ஒப்பிட்டுச் சிறுமையைப் பார்ப்பதுபோல இங்கே அளவுகோல் R.

வீச்சத்தோடு மாறும் T இன்னொரு பிழையையும் காட்டிக் கொடுக்கும். முன்பு சொன்ன cos θ-வை மறந்தவர்களுக்கு மையத்தருகே விசை kQq/R² என்ற மாறிலியாகவே வரும். அதிலிருந்து காலத்தைக் கண்டால் √A-க்கு விகிதமாக ஒரு கோவை கிடைக்கும். சிறு அலைவுக் காலத்தில் A வந்து நின்றால் உடனே முதற்படிக்குத் திரும்புங்கள்.

சீராகப் பரவியிருக்காவிட்டால்?

இதை ஒரு பொறிக் கேள்வியாகவே கேட்பேன். வளையத்தின் ஒரு பாதியில் 40 nC, மறுபாதியில் 10 nC இருந்தால் T எவ்வளவு?

முதற்படியைத் திரும்ப வாசியுங்கள். அச்சு வழிக் கூறைக் கூட்டும்போது ஏற்றம் எங்கே எவ்வளவு என்பது வரவே இல்லை; மொத்தம் Q மட்டும்தான் வந்தது. சீரான பரம்பல் தேவைப்பட்டது செங்குத்துக் கூறுகளை அழிக்க மட்டுமே. மணி கோலில் கோக்கப்பட்டிருந்தால் அந்தச் செங்குத்து விசையைக் கோலின் மறுதாக்கம் சமன்செய்துவிடும். ஆகவே கோல் ஒப்பமானதாக இருக்கும்வரை T அதே 2.09 s. வளையத்தில் அரைவாசியே இருந்து, அதில் 50 nC முழுவதும் இருந்தாலும் அதே விடைதான்.

கோல் ஏன் வேண்டும்

இப்போது கோலை உருவி எடுத்துவிடுவோம். புவியீர்ப்பையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மணி மறை, வளையம் நேர். அப்ப மணி போய் வளையத்தில ஒட்டத்தானே வேணும்? ஏன் நடுவுக்கு வருது?" வகுப்பு சிரித்தது. சிரித்திருக்கக்கூடாது, அவள் சொன்னதே சரி.

மையத்தைச் சுற்றி ஒரு குட்டி உருளையைக் கற்பனை செய்யுங்கள். அதன் அச்சு வளையத்தின் அச்சே. ஆரை s, மையத்திலிருந்து இருபக்கமும் h நீளம். உள்ளே வளையத்தின் ஏற்றம் எதுவும் இல்லை. ஆகவே கவுஸின் விதிப்படி உருளையிலிருந்து வெளியேறும் மொத்தப் பாயம் பூச்சியம். இரு முனைகளிலும் புலம் (kQ/R³)h அளவில் வெளியே செல்கிறது. அதனால் வரும் பாயம் 2πs² × (kQ/R³)h. இதைச் சமன்செய்ய வளைபரப்பின் ஊடாக அதே அளவு உள்ளே வந்தாக வேண்டும். வளைபரப்பின் பரப்பளவு 4πsh. வகுத்தால்

```
E_s = −(1/2)(kQ/R³) s
```

அதாவது அச்சுக்குச் செங்குத்தாகப் புலம் உள்நோக்கியது, அச்சு வழிப் புலத்தின் அரைவாசி வலிமை கொண்டது. நேர் ஏற்றத்தை அது அச்சை நோக்கித் தள்ளும். எங்கள் மறை ஏற்றத்தையோ வளையத்தை நோக்கி இழுக்கும். அச்சு வழியே உறுதியான சமநிலை, குறுக்கே உறுதியற்ற சமநிலை. குதிரைச் சேணத்தின் நடுவில் வைத்த கோலிக்குண்டின் நிலைமை. நிலைமின் விசைகளால் மட்டும் எந்த ஏற்றத்தையும் எல்லாத் திசையிலும் உறுதியாக நிறுத்த முடியாது என்பதை ஏர்ன்ஷோ 1842-இல் வெளியிட்டார். எங்கள் றிம் அதற்குக் கண்முன் சாட்சி.

எவ்வளவு விரைவாகப் பிழைக்கும்? குறுக்குத் திசையில் ω²-க்குப் பதிலாக −4.5 s⁻² வருகிறது. விலகல் cosh(2.12 t) போல வளரும். மணியை அச்சிலிருந்து 1 mm தள்ளி வைத்துவிட்டால், ஒரு முழு அலைவுக்கான 2.09 s முடியும்போது நேர்கோட்டுக் கணிப்பின்படி விலகல் 4 cm-ஐத் தாண்டிவிடும். மணி ஒருமுறை போய் வருவதற்குள் வளையத்தை நோக்கிப் புறப்பட்டிருக்கும். ஆகவே கோல் இல்லாமல் இந்த அலைவை நீங்கள் காணவே முடியாது. வினாவில் கோலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "அச்சு வழியே மட்டும் அசையக்கூடியது" என்று இருந்தால் அதற்கு இதுதான் பொருள்.

கோல் வைத்தாலும் ஓடுமா?

ஓடாது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு ஏமாற்றம் தெரியும்.

மணியின் நிறை ஏறத்தாழ 9.8 × 10⁻⁴ N. உராய்வுக் குணகம் 0.1 என்றாலும் எல்லை உராய்வு 9.8 × 10⁻⁵ N. மின்விசை 1 cm-இல் 9 × 10⁻⁶ N மட்டுமே. உச்சப் புலமுள்ள 7 cm-இல்கூட 3.5 × 10⁻⁵ N. வளையம் எங்கே வைத்து இழுத்தாலும் மணி அசையாமல் கோலில் குந்தியிருக்கும். "ஒப்பமான" என்ற ஒற்றைச் சொல் இந்த முழுக் கணக்கையும் தாங்கி நிற்கிறது.

நூல் செய்யும் வேலை

கோலுக்குப் பதிலாக நூல். ரிஜிபோம் உருண்டை ஒன்றுக்குப் பென்சில் கரி பூசி, 1 m நீளமான மெல்லிய நைலோன் நூலில் தொங்கவிடுங்கள். உருண்டை வளையத்தின் மையத்தில் நிற்க வேண்டும். மேலேயிருந்து வரும் நூல் வளையத்தின் உச்சியில் முட்டும். அதனால் உச்சியில் ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி விட்டே கம்பியை வளைக்க வேண்டும். சுற்றளவு 63 cm ஆகையால் அந்த இடைவெளி பெரிய குழப்பம் செய்யாது.

நூல் மூன்று திசைகளையும் எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். நிலைக்குத்தாக இழுவிசை தாங்கும். நிறை மின்விசையை விட மிகப் பெரியது என்பதால் நூல் தளராது. அச்சு வழியே ஊசலின் மீட்பும் வளையத்தின் மீட்பும் சேரும்:

```
ω² = g/L + kQq/(mR³) = 9.8 + 9 = 18.8 s⁻²
T  = 1.45 s
```

குறுக்கே ஊசல் மீட்கும், வளையம் கெடுக்கும்: ω² = 9.8 − 4.5 = 5.3 s⁻², T = 2.73 s. நேராக வருவதால் ஊசல் வென்றுவிடுகிறது. ஏற்றமில்லாத வெறும் ஊசலின் காலம் 2.01 s. ஒரே உருண்டை, ஒரே நூல். முன்பின்னாகத் தட்டினால் விரைவாகவும் இடம்வலமாகத் தட்டினால் மெதுவாகவும் ஆடும். நூலை மிக நீளமாக்கினாலோ ஏற்றத்தை மிகக் கூட்டினாலோ குறுக்குத் திசையில் வளையம் வென்று, உருண்டை கம்பியில் போய் ஒட்டிவிடும். அதற்கான எல்லை g/L = kQq/(2mR³). எங்கள் எண்களுக்கு L ≈ 2.2 m.

வளையத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு காலங்கள் போதும். ஏற்றமின்றி T₁, ஏற்றத்தோடு T₂ என்றால்

```
kQq/(mR³) = 4π² ( 1/T₂² − 1/T₁² )
```

1.45, 2.01 என்பவற்றைப் போட்டுப் பார்த்தால் 9-ஐ ஒட்டி வரும். காலங்களை நேரே கழித்துவிடாதீர்கள். கூடுவது ω², T அல்ல.

ஏற்றங்களைப் பற்றி ஒரு சொல். 1 mm ஆரையுள்ள கம்பியால் செய்த இந்த வளையத்தில் 50 nC நிற்க அதை 9600 V அளவுக்கு உயர்த்த வேண்டும். 5 kV தரும் ஆய்வுகூட வழங்கி இருந்தால் ஏறத்தாழ 26 nC கிடைக்கும். அப்போது வளையத்தின் பங்கு 9-இலிருந்து 4.7 ஆகக் குறைந்து T₂ = 1.65 s. இன்னும் வெறும் ஊசலிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது. உருண்டை 1 cm அளவு ஆரையுள்ளது என்றால் 2 nC-க்கு −1800 V போதும். வளையத்துக்குள் கொண்டுபோவதற்கு முன்பே அதை ஏற்றிவிட வேண்டும். உள்ளே வைத்து ஏற்றினால் வளையத்தின் அழுத்தம் தூண்டும் ஏற்றமும் சேர்ந்து வேறொரு பெறுமானம் வரும். ஓட்டம் மட்டுப்படுத்தப்பட்ட வழங்கியாக இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாமல் தொடக்கூடாது.

காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள். மாரியில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் எங்கள் கொட்டிலில் மின்காட்டியின் பொன்னிலைகூட விரிந்து நிற்காது; ஈரம் நூலின் வழியே ஏற்றத்தை வடித்துவிடும். கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில்தான் இதற்கு வாய்ப்பு. அப்போதும் காற்று நேரே உருண்டையில் படாமல் யன்னலைச் சாத்த வேண்டும், 0.1 g உருண்டை அல்லவா.

வளையத்தை வழங்கியோடு இணைத்தே வைத்தால் Q குறையாது. வடிவது உருண்டையின் q மட்டும். அது நடக்கிறதா என்று அறிய இருபது அலைவுகளையும் ஒரேயடியாக எண்ணாதீர்கள். முதல் ஐந்துக்கு எடுத்த நேரத்தையும் கடைசி ஐந்துக்கு எடுத்த நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். 50 nC வளையத்தில் முதல் ஐந்து 7.2 s எடுத்து, கடைசி ஐந்து 8.3 s எடுத்தால் q பாதியாகிவிட்டது, ω² 18.8-இலிருந்து 14.3-க்கு இறங்கியிருக்கிறது. வீச்சம் குறைவதால் இப்படி ஆகியிருக்குமோ என்று சந்தேகப்படத் தேவையில்லை. வீச்சம் குறைந்தால் காலம் குறையத்தான் வேண்டும், கூடக்கூடாது.